பின் மாற்றிப் போடும் காந்த கேபிள்: வீட்டுக்கு வாங்கலாமா?

வைகைக்கரை | 3 ஆகஸ்ட் 2025, காலை 7:50

வீட்டில் ஐந்து பேர், மூன்று விதமான சார்ஜர் பின். எனக்கும் மனைவிக்கும் சி டைப். மகளிடம் அவள் சித்தப்பா கொடுத்த பழைய ஐபோன். அம்மாவின் பட்டன் போனுக்கும் மகனின் ப்ளூடூத் ஹெட்செட்டுக்கும் சின்ன பின். காலையில் யாருடைய கேபிள் யாரிடம் இருக்கிறது என்று தேடுவதே ஒரு வேலை.

மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் காந்த கேபிள் ஒன்று வாங்கினேன், 249 ரூபாய். ஒரு மீட்டர் நீளம், நைலான் பின்னல், உருண்டைத் தலை, அதில் நீல லைட். கூடவே மூன்று குட்டி பின்கள். பின்னைப் போனிலேயே செருகி விட்டுவிட வேண்டும், கேபிளைப் பக்கத்தில் கொண்டுபோனால் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். பெட்டியில் "120 வாட், 6 ஆம்பியர்" என்று போட்டிருக்கிறது.

என் போனோடு வந்தது 18 வாட் அடாப்டர். அதன் சொந்த கேபிளில் இரண்டு மணி நேரத்துக்குள் கிட்டத்தட்ட நிறைந்துவிடும். இதே அடாப்டரில் காந்த கேபிளைப் போட்டு, 20 சதவீதத்தில் படுத்தால் விடியும்போது எழுபது சொச்சம்தான். என் கேபிள் மட்டும் பழுதா, இல்லை இவை எல்லாமே இப்படித்தானா? ஆளுக்கு ஒன்று வாங்கிவிடலாம் என்கிறார் மனைவி. வாங்கலாமா?

பாலக்கரை | 3 ஆகஸ்ட், காலை 9:15

வாட் என்பது அடாப்டரும் போனும் பேசி முடிவு செய்வது. கேபிள் வெறும் கம்பி. போன் தனக்கு வேண்டியதைத்தான் எடுக்கும். 33 வாட் அடாப்டர் ஒன்று வாங்கிப் போடுங்கள், சரியாகிவிடும்.

சால்டரிங் அண்ணன் | 3 ஆகஸ்ட், மதியம் 1:40

தம்பி பாலக்கரை, "பேசி முடிவு செய்வது" என்றீர்களே, அது சரி. எந்தக் கம்பி வழியாகப் பேசும்? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

வைகைக்கரை, அடாப்டர் இப்போதைக்கு வாங்க வேண்டாம். கேபிளின் காந்தத் தலையை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். தங்க நிறத்தில் எத்தனை புள்ளிகள் தெரிகின்றன? நடுவில் ஒன்றும் சுற்றி ஒரு வளையமும் மட்டுமா, அல்லது வளையத்துக்குள் இன்னும் சில புள்ளிகளா? பார்த்துச் சொல்லுங்கள், பிறகு பேசலாம். சாப்பாட்டு நேரம், கடையில் கூட்டம்.

வைகைக்கரை | 3 ஆகஸ்ட், இரவு 8:30

பார்த்தேன். தலையின் நடுவில் ஒரே ஒரு தங்கக் குச்சி, ஸ்ப்ரிங் வைத்தது. நகத்தால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்ப வருகிறது. சுற்றி உலோக வளையம். இரண்டுக்கும் நடுவே வெள்ளை பிளாஸ்டிக். போனில் செருகும் பின்னின் வெளிமுகத்திலும் அதேதான்: நடுவில் ஒரு வட்டம், சுற்றி ஒரு வளையம். வேறு எதுவும் இல்லை.

இன்னொன்று. நடுக் குச்சியின் நுனியில் கடுகுக்கும் சின்னதாக ஒரு கறுப்புப் பொட்டு இருக்கிறது. துணியால் துடைத்தால் போகவில்லை. சொரசொரப்பாகப் படுகிறது.

சால்டரிங் அண்ணன் | 3 ஆகஸ்ட், இரவு 10:55

நினைத்தது சரிதான். கேபிள் பழுதில்லை, அதன் அமைப்பே அப்படி.

நடுக் குச்சி பிளஸ், வளையம் மைனஸ். ஆக இரண்டே தொடர்பு. சாதாரண யூஎஸ்பி கேபிளில் மின்சாரத்துக்கு இரண்டு கம்பி, டேட்டாவுக்கு இரண்டு கம்பி என்று நான்கு இருக்கும். உங்கள் 18 வாட் அடாப்டர் 9 வோல்ட் கொடுக்க வேண்டுமென்றால் போன் அந்த டேட்டா கம்பிகளில் ஒரு குறிப்பு அனுப்ப வேண்டும். சி-க்கு-சி கேபிளானால் அந்தப் பேச்சு சிசி என்ற தனிக் கம்பியில் நடக்கும். உங்கள் கேபிளில் பேச்சுக்கு வழியே இல்லை. எதிரில் இருப்பது எப்படிப்பட்ட சார்ஜர் என்று போனுக்குத் தெரியாது. தெரியாதபோது போன் பயந்த பிள்ளைபோல் 5 வோல்ட்டில் அரை ஆம்பியர்தான் எடுக்கும். சாதாரண கம்ப்யூட்டர் யூஎஸ்பி கொடுப்பதாக விதிமுறை சொல்லும் அளவு அது. சில பின்களுக்குள் டேட்டா முனைகள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து வைத்திருப்பார்கள். அப்போது போன் "சரி, இது சுவர் சார்ஜர்தான்" என்று நம்பி ஒன்று, ஒன்றரை ஆம்பியர் வரை போகும். அதற்கு மேல் வழியில்லை.

பெட்டியில் எழுதிய 120 வாட்டுக்கும் இந்தக் குச்சிக்கும் சம்பந்தமே கிடையாது. 120 வாட் என்பது 20 வோல்ட்டில் 6 ஆம்பியர். அப்படிச் சார்ஜ் செய்யும் போன் கம்பெனிகள் தங்கள் அடாப்டரும் தங்கள் கேபிளும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் அந்த வேகத்துக்கே போகின்றன.

கறுப்புப் பொட்டு, மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தலையைப் பிடுங்கியதால் வந்த தீப்பொறித் தழும்பு. அது வளர வளர அந்த இடத்தில் தடை கூடும், தலை சூடாகும்.

வைகைக்கரை | 4 ஆகஸ்ட், காலை 6:40

அண்ணன் சொன்னதை வைத்துக் கணக்குப் போட்டேன். என் போன் பேட்டரி 5000 எம்ஏஎச். அதன் சராசரி வோல்ட் 3.85 என்று வைத்தால் ஏறத்தாழ 19 வாட்-அவர். வழியில் வீணாகும் சூட்டையும் சேர்த்து அடாப்டர் 22 அல்லது 23 கொடுக்க வேண்டும். 5 வோல்ட், அரை ஆம்பியர் என்றால் 2.5 வாட். 23-ஐ 2.5-ஆல் வகுத்தால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல். நான் பன்னிரண்டரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுகிறேன். 20 சதவீதத்திலிருந்து எழுபது சொச்சம் என்பது அப்படியே பொருந்துகிறது.

மனைவியின் புகாருக்கும் இதில் பதில் இருக்கிறது. சார்ஜில் போட்டுக்கொண்டே யூடியூப் பார்த்தால் சதவீதம் ஏறவே இல்லை என்பார். திரை எரிய, நெட் ஓட, போனே இரண்டு வாட் அளவுக்கு எடுத்துக்கொள்ளும். உள்ளே வருவது இரண்டரை என்றால் பேட்டரிக்கு என்ன மிஞ்சும்?

பாலக்கரை | 4 ஆகஸ்ட், காலை 10:05

சரி அண்ணே, கம்பி விஷயம் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மெதுவாக ஏறுவது பேட்டரிக்கு நல்லதுதானே? வேகமாக ஏற்றினால்தான் உப்பும் என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் ராத்திரி முழுக்க போடுகிறவர்களுக்கு இந்த கேபிள் ஒரு வரம்.

சால்டரிங் அண்ணன் | 4 ஆகஸ்ட், மதியம் 3:20

பேட்டரிக்கு எதிரி சூடு. மெதுவாக ஏறினால் பேட்டரி சூடாகாது, அதுவரைக்கும் நீங்கள் சொல்வது சரி. ஆனால் இந்த வகை கேபிளில் சூடு இடம் மாறி, போன் வாயில் வந்து உட்காரும். இரண்டு ஆம்பியர் ஓடும்போது குச்சி நுனியில் தடை 0.1 ஓம் இருந்தால்கூட அரை வாட்டுக்குக் கொஞ்சம் குறைவான சூடு. கேட்க ஒன்றுமில்லை என்று தோன்றும். அத்தனையும் ஒரு குண்டூசித் தலை அளவு இடத்தில், போனின் சார்ஜிங் பின்னுக்கு நேர் எதிரில் பிறக்கிறது என்பதை யோசியுங்கள்.

என் மேஜைக்கு வரும் போன்களில் சார்ஜிங் வாயின் பிளாஸ்டிக் நாக்கு பழுப்பேறி, விளிம்பு உருகியது பார்த்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் காந்த பின்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், சார்ஜில் போட்டு வேர்வைக் கையோடு பேசுகிறவர்களின் போனும் அப்படி வரும். ஆனால் காந்த பின் இருக்கிற போனில் இன்னொரு தொல்லை உண்டு. பின்னை மாதக்கணக்கில் கழற்றாமல் விடுகிறார்கள். உள்ளே ஈரம் தங்கி, பச்சை பிடித்து, கடைசியில் இடுக்கியால் இழுத்தால் பின் முக்கால்வாசிதான் வரும், பாக்கி உள்ளேயே உடைந்து நிற்கும். அப்புறம் சார்ஜிங் போர்டையே மாற்ற வேண்டியதுதான்.

ஈரோட்டுக்காரி | 4 ஆகஸ்ட், மாலை 6:10

நானும் மூன்று பின் கேபிள்தான் இரண்டு வருடமாகப் பயன்படுத்துகிறேன், வேகம் எல்லாம் நன்றாகவே இருக்கிறது. உங்களுக்கு மட்டும் ஏன் பிரச்சினை? ஒரு பக்கம் பெரிய யூஎஸ்பி, மறு பக்கம் மூன்று வால். சி, ஐபோன், சின்ன பின். ஒரே நேரத்தில் மூன்றையும் மாட்டலாம். கடைக்குப் போகும்போது கணவர் போன், என் போன், ஹெட்செட் எல்லாம் ஒரே அடாப்டரில். 300 ரூபாய்க்கு இதைவிட என்ன வேண்டும்?

ஹெட்செட்தான் போன மாதம் திடீரென்று செத்துவிட்டது. அது பழசு.

வைகைக்கரை | 4 ஆகஸ்ட், இரவு 7:25

அக்கா, உங்களுடையது மூன்று வால் கேபிள். நான் கேட்பது ஒரே வால், தலை மட்டும் மாற்றுவது. ஆனாலும் இருங்கள், ஹெட்செட் செத்தது எனக்கு உறுத்துகிறது. உங்கள் அடாப்டர் எத்தனை வாட்? அதன் மேல் சின்ன எழுத்தில் 9V என்று இருக்கிறதா?

ஈரோட்டுக்காரி | 4 ஆகஸ்ட், இரவு 9:00

என் போனோடு வந்தது. கண்ணாடி போட்டுப் பார்த்தேன். 5V 3A, 9V 2A என்று போட்டிருக்கிறது.

சால்டரிங் அண்ணன் | 4 ஆகஸ்ட், இரவு 11:30

அம்மா, ஹெட்செட் வயதாகித்தான் போனதா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் சந்தேகப்பட நல்ல காரணம் இருக்கிறது.

மலிவான மூன்று வால் கேபிளில் பிளஸ் கம்பி ஒன்றுதான். அது கிளை பிரிந்து மூன்று வாலுக்கும் போகிறது. உங்கள் போன் அடாப்டரிடம் 9 வோல்ட் கேட்டு வாங்கினால், அதே 9 வோல்ட் மற்ற இரண்டு வாலிலும் நிற்கும். ஹெட்செட்டுக்குள் இருக்கும் சார்ஜிங் சிப் 5 வோல்ட்டை மட்டும் எதிர்பார்த்துச் செய்தது. 9 கேட்காதவனுக்கு 9 போய்ச் சேர்கிறது. சிலது தாங்கும், சிலது முதல் தடவையிலேயே போய்விடும், சிலது கொஞ்ச நாள் தாங்கிப் பிறகு போகும்.

நல்ல தயாரிப்புகளில் இரண்டாவது வாலில் ஏதாவது மாட்டியதும் வோல்ட்டை 5-க்கு இறக்கும் சிப் இருக்கும். வெளியிலிருந்து பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. 300 ரூபாய் கேபிளில் இருக்கும் என்று நம்பி மாட்டாதீர்கள். மூன்றும் ஒன்றாக வேண்டுமென்றால் 5 வோல்ட் மட்டும் கொடுக்கும் பழைய அடாப்டரில் மாட்டுங்கள். மெதுவாகத்தான் ஏறும், ஆனால் 5-க்கு மேல் போக அந்த அடாப்டருக்கே தெரியாது. இல்லையென்றால் ஒரு நேரத்தில் ஒரே வால்.

ஈரோட்டுக்காரி | 5 ஆகஸ்ட், காலை 7:15

பழைய ஹெட்செட்டை வீசியாகிவிட்டது, இனி பார்க்க முடியாது. பழைய பட்டன் போனோடு வந்த அடாப்டர் பரணில் இருந்தது, 5V 1A. எடுத்து வைத்துக்கொண்டேன். மாமியாரின் பிபி மெஷினையும் இந்தக் கேபிளில்தான் போட்டுக்கொண்டிருந்தோம். இன்றோடு நிறுத்தியாச்சு.

கிண்டி_நிரலர் | 5 ஆகஸ்ட், காலை 11:50

இந்த இழையில் இருக்கிற யாராவது லேப்டாப்பின் யூஎஸ்பியில் மலிவு கேபிளைச் செருகுகிறீர்களா? அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பெரிய யூஎஸ்பியிலிருந்து சி-க்குப் போகும் கேபிளில், சி பின்னுக்குள் 56 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்க வேண்டும். "எதிரில் இருப்பது சாதாரண யூஎஸ்பி, அளவாக எடு" என்று போனுக்கு அதுதான் சொல்கிறது. அதற்குப் பதில் 10 கிலோ ஓம் போட்டால் "3 ஆம்பியர் தாராளமாக எடு" என்று பொய் சொன்ன மாதிரி. போன் எடுக்கப் பார்க்கும், பாவம் லேப்டாப் போர்ட் மாட்டிக்கொள்ளும்.

2015 நவம்பர் வாக்கில் கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் அமேசானில் விற்ற சி கேபிள்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்து, எது விதிப்படி இருக்கிறது என்று விமர்சனம் எழுத ஆரம்பித்தார். 2016 பிப்ரவரியில் ஒரு கேபிளில் பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறி இணைக்கப்பட்டிருந்து, சோதனைக்கு வைத்திருந்த அவருடைய குரோம்புக் பிக்சல் மடிக்கணினியே கெட்டது. அதே வருடம் விதிக்கு ஒவ்வாத சி கேபிள்களை விற்கக் கூடாது என்று அமேசான் தடை போட்டது. அவர் சோதித்ததெல்லாம் ஒரே தலை உள்ள சாதாரண கேபிள். மூன்று பின் தருகிற கேபிளில் ஒவ்வொரு பின்னுக்குள்ளும் அந்த ரெசிஸ்டர் சரியாக இருக்கிறதா என்று யார் பார்த்தார்கள்?

மீட்டர் இல்லாதவர்கள் போனையே கேட்டுப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்கு மேல் என்றால் டெவலப்பர் ஆப்ஷனில் வயர்லெஸ் டீபக்கிங்கை இயக்கி, கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டு, போன் சார்ஜில் இருக்கும்போது இதைக் கொடுங்கள்:

```
adb shell dumpsys battery
```

வரும் வரிகளில் `Max charging current: 500000` என்று இருந்தால் அரை ஆம்பியர். அதற்கு அடுத்த `Max charging voltage: 5000000` என்பது 5 வோல்ட். சில போன்களில் இரண்டுமே 0 என்று காட்டும், அவற்றில் பயனில்லை.

வைகைக்கரை | 5 ஆகஸ்ட், இரவு 9:45

செய்து பார்த்தேன். சரியாக 500000. அண்ணன் கணித்தபடியே.

இன்று கடைக்கும் போனேன். கடைக்காரரிடம் குச்சியையும் கறுப்புப் பொட்டையும் காட்டினேன். சண்டை எதுவும் இல்லாமல், நூறு ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு வேறு கேபிள் கொடுத்தார். இதன் தலையிலும் காந்தம், ஆனால் வளையத்துக்குள் ஏழு புள்ளிகள். "இதில் டேட்டாவும் போகும் சார், ஃபாஸ்ட் சார்ஜ் ஆகும்" என்றார். கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் எடுக்கும் நண்பரிடம் யூஎஸ்பி மீட்டர் இரவல் கேட்டிருக்கிறேன். அளந்துவிட்டு எழுதுகிறேன்.

மின்வாரியம் (ஓய்வு) | 6 ஆகஸ்ட், காலை 5:30

ஆம்பியர் பேசுகிறீர்கள், காந்தத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எனக்கு மார்பில் பேஸ்மேக்கர் இருக்கிறது. மருத்துவர் சொன்னது: காந்தம் உள்ள எந்தப் பொருளானாலும், போனே ஆனாலும், அதிலிருந்து 15 செ.மீ. தள்ளியே இருக்கட்டும், சட்டைப் பையில் வைக்காதீர்கள். கேபிள் தலை சின்னதுதான். ஆனால் கட்டிலில் சார்ஜ் போட்டு, தலையணைப் பக்கம் கிடந்து, தூக்கத்தில் மார்பு மேல் வரும் பொருள் அதுதானே. வீட்டில் பெரியவர்களுக்கு அந்தக் கருவி இருந்தால் இந்த வகையே வேண்டாம்.

சின்னக் குழந்தை உள்ள வீட்டுக்கும் இதையே சொல்வேன். கழன்று விழும் பின் கடலைப் பருப்பு அளவு இருக்கிறது. சிலவற்றில் பின்னிலும் காந்தம் வைத்திருக்கிறார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தத்தை, அல்லது காந்தத்தோடு இரும்பையும், குழந்தை விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே அவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு குடல் சுவரைத் துளைத்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வைகைக்கரை | 6 ஆகஸ்ட், காலை 6:20

ஐயா, நல்ல நேரத்தில் சொன்னீர்கள். அம்மாவுக்கு அந்தக் கருவி இல்லை. தங்கை வரும்போதெல்லாம் ஒன்றரை வயதுக் குழந்தையும் வரும். உபரிப் பின்களை இப்போதே டப்பாவில் போட்டு அலமாரி மேல்தட்டில் வைத்துவிட்டேன்.

வைகைக்கரை | 9 ஆகஸ்ட், மாலை 5:00

மீட்டர் வந்தது. அடாப்டருக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகுவது, வோல்ட்டும் ஆம்பியரும் காட்டும். அதே போன், அதே 18 வாட் அடாப்டர், ஒவ்வொரு முறையும் 30 சதவீதம் அளவில் ஆரம்பித்தேன்.

போனோடு வந்த கேபிள்: 9 வோல்ட், 1.8 ஆம்பியர் அளவில் நின்றது.

முதல் காந்த கேபிளைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டேன், ஆகவே புதியது மட்டும்தான். ஏழு புள்ளிக் கேபிள்: ஒட்டியதும் 5 வோல்ட், ஓரிரு நொடியில் 9-க்குத் தாவியது. ஆம்பியர் 1.4 வரை போனது. முன்னதைவிட எவ்வளவோ மேல். மகிழ்ச்சியோடு போனை மேஜையில் வைத்துவிட்டு, கேபிளை லேசாக நகர்த்தினேன். மீட்டரில் வோல்ட் 5-க்கு விழுந்தது. மறுபடி 9. மறுபடி நகர்த்த, மறுபடி 5. போன் திரை ஒவ்வொரு முறையும் எரிந்து அணைந்தது. ஒட்டிக்கொண்டிருப்பதாகக் கண்ணுக்குத் தெரியும்போதே உள்ளே தொடர்பு விட்டு விட்டு வருகிறது. அரை மணி கழித்துத் தலையைத் தொட்டுப் பார்த்தேன், சூடு. கை சுடும் அளவு இல்லை, ஆனால் போனின் மற்ற பாகத்தைவிட நிச்சயம் அதிகம்.

சால்டரிங் அண்ணன் | 9 ஆகஸ்ட், இரவு 11:10

அருமையான சோதனை. தலை கொஞ்சம் சாய்ந்தாலும் ஏழு புள்ளியில் ஒன்றிரண்டு விட்டுப்போகும். அது டேட்டாப் புள்ளியானால் பேச்சு அறுந்து 5-க்கு விழும். ஒவ்வொரு விழலிலும் ஒரு குட்டிப் பொறி. கொஞ்ச நாளில் இதிலும் கறுப்புப் பொட்டு பாருங்கள்.

ஆம்பியர் 1.8-க்குப் பதில் 1.4-ல் நின்றதற்கு வயரின் மெலிவும் காரணமாக இருக்கலாம். இந்த மாதிரி கேபிளைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். வெளியே நைலான் பின்னல் விரல் தடிமன் காட்டும், உள்ளே கம்பி மயிர் மாதிரி, 28 கேஜ் அளவு. ஒரு மீட்டருக்குப் போக ஒன்று, வர ஒன்று. அசல் செம்பாகவே இருந்தாலும் 0.43 ஓம் வரும். காந்தத் தலையின் தொடர்பையும் சேர்த்து அரை ஓம் என்று வையுங்கள். 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 1 வோல்ட் காலி. போனுக்கு 4 வோல்ட்தான் போய்ச் சேர வேண்டும், அதில் பேட்டரியை ஏற்ற முடியாது. அதனால் போனே தன் இழுப்பைக் குறைத்துக்கொள்ளும். 9 வோல்ட்டில் அதே ஒரு வோல்ட் போனாலும் 8 மிச்சம், அதனால்தான் அங்கே ஓரளவு சமாளிக்கிறது.

இப்போது பெட்டியில் எழுதிய 6 ஆம்பியரை இதே அரை ஓமில் வைத்துப் பாருங்கள். ஆறு ஆறு முப்பத்தாறு, அதில் பாதி 18. பதினெட்டு வாட் சூடு கேபிளுக்குள்ளேயே. என் கையில் இருக்கும் சின்ன சால்டரிங் அயர்னே 25 வாட்தான்.

பாலக்கரை | 10 ஆகஸ்ட், காலை 8:40

இந்தக் கணக்கு எனக்குப் பிடித்தது அண்ணே. அப்படியானால் நீளம் பாதியானால் இழப்பும் பாதியா? 25 செ.மீ. கேபிள் வாங்கிப் பவர் பேங்கோடு வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறதே.

சால்டரிங் அண்ணன் | 10 ஆகஸ்ட், காலை 9:30

வயரில் ஆகும் இழப்பு, ஆமாம், பாதியாகும். தலையில் ஆவது நீளத்தைப் பார்க்காது.

கிண்டி_நிரலர் | 10 ஆகஸ்ட், மதியம் 12:15

காந்தத்தை விட்டுவிட்டு, தொப்பி மாதிரி மேலே செருகும் வகையைப் பாருங்களேன். கேபிளின் இரண்டு முனையும் சி. ஒரு முனையில் பெரிய யூஎஸ்பித் தொப்பி, மறு முனையில் ஐபோன் தொப்பி, இரண்டும் ரப்பர் நாடாவில் தொங்கும். தொப்பியைக் கழற்றினால் அது முழுமையான சி-க்கு-சி கேபிள். 20 வோல்ட், 3 ஆம்பியர், 60 வாட் வரை போகும், என் லேப்டாப்பே இதில் ஏறுகிறது. 60-க்கு மேல் என்றால் கேபிளுக்குள் அடையாளச் சிப் வேண்டும், அது இல்லாத கேபிளுக்கு அடாப்டர் 3 ஆம்பியருக்கு மேல் தராது. ஆகவே "100 வாட்" என்று எழுதியிருந்தாலும் தானாகவே 60-ல் நின்றுவிடும், பயமில்லை. தொப்பி போட்டால் வேகம் குறையும், குறைந்தால் என்ன?

சால்டரிங் அண்ணன் | 10 ஆகஸ்ட், இரவு 10:40

காந்தத்தைவிட இது மேல், சந்தேகமில்லை. ஆனால் பெரிய யூஎஸ்பித் தொப்பி எனக்குப் பிடிக்காது. ஒரு பக்கம் பெரிய யூஎஸ்பி, மறு பக்கம் சி வாய் என்ற அடாப்டரை விதிமுறையே அனுமதிக்கவில்லை. தொப்பி தனியாகக் கழன்று வரும்போது யாராவது அதில் வேறு கேபிளைச் செருகி எதையாவது இணைத்துவிட முடியும் என்பதுதான் காரணம். நாடாவில் தொங்குகிறது என்பது எத்தனை நாளைக்கு? எங்கள் வீட்டுப் பிள்ளைகள் நாடாவை முதல் வாரமே பிய்த்துவிடும்.

கிண்டி_நிரலர் | 10 ஆகஸ்ட், இரவு 11:20

விதி தெரியும் அண்ணே. நடைமுறையில் எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லை.

சால்டரிங் அண்ணன் | 11 ஆகஸ்ட், காலை 9:05

ஆனவர்கள் என் கடைக்கு வருவார்கள் தம்பி, ஆகாதவர்கள் உங்கள் அலுவலகத்தில் இருப்பார்கள். இரண்டு பேரும் பார்ப்பது பாதிப் படம்தான்.

ஈரோட்டுக்காரி | 11 ஆகஸ்ட், மதியம் 2:30

ஒரு சந்தேகம். கணவரின் டிரிம்மரில் சி ஓட்டைதான் இருக்கிறது. மகனின் சி-க்கு-சி கேபிளில் போட்டால் லைட்டே எரியவில்லை. என் மூன்று வாலின் சி பின்னில் போட்டால் ஏறுகிறது. மலிவு கேபிள் வேலை செய்கிறது, விலை உயர்ந்தது செய்யவில்லை. எப்படி?

கிண்டி_நிரலர் | 11 ஆகஸ்ட், மதியம் 3:10

குறை டிரிம்மரில் அக்கா. சி-க்கு-சி கேபிளில், மறுமுனையில் ஒரு கருவி இருக்கிறது என்ற அடையாளம் தெரிந்தால்தான் அடாப்டர் மின்சாரத்தையே திறக்கும். அந்த அடையாளம் இரண்டு சின்ன ரெசிஸ்டர். டிரிம்மர், டார்ச், பொம்மை செய்கிறவர்கள் அதைப் போடாமல் விட்டுவிடுகிறார்கள். பெரிய யூஎஸ்பியில் 5 வோல்ட் கேட்காமலே நிற்கும், அதனால் ஏறுகிறது. ஒரு பக்கம் பெரிய யூஎஸ்பி உள்ள கேபிள் ஒன்று வீட்டில் இருந்தே ஆக வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். அண்ணனுக்குப் பிடிக்காத அந்தத் தொப்பியும் இங்கே உதவும்.

வைகைக்கரை | 15 ஆகஸ்ட், காலை 10:20

விடுமுறை நாள், வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். உட்கார்ந்து பேசி முடித்தோம்.

எனக்கும் மனைவிக்கும் ஒரே பின் உள்ள சாதாரண சி கேபிள், ஆளுக்கு ஒன்று, போனோடு வந்ததே. கெட்டால் அதே தரத்தில் இன்னொன்று. மகளுக்கு லைட்னிங் கேபிள் தனியாக. அவளுடையது 2012-ல் ஐபோன் 5-ல் வந்த அதே பின். 2023-ல் ஐபோன் 15 வந்தபோதே ஆப்பிளும் சி-க்கு மாறிவிட்டது, அடுத்த போன் எதுவானாலும் சி-யாகத்தான் இருக்கும். இன்னும் ஓரிரு வருடத்தில் போகப்போகும் பின்னுக்காக வீடு முழுக்க மூன்று பின் கேபிள் வாங்குவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

காந்த கேபிளை அம்மாவுக்குக் கொடுத்தேன். வேண்டாததைத் தள்ளிவிடவில்லை, அவருக்குத்தான் அது உண்மையில் பொருந்துகிறது. விரல் மூட்டு வலி. சின்ன பின்னில் எது மேல், எது கீழ் என்று தெரியாமல் அழுத்தி அழுத்தி ஏற்கெனவே ஒரு போனின் வாய் தளர்ந்துவிட்டது. இப்போது கேபிளைப் பக்கத்தில் கொண்டுபோனால் தானாக ஒட்டிக்கொள்கிறது, நீல லைட் எரிகிறது, அவருக்கு அது போதும். பட்டன் போன் பேட்டரி 1000 எம்ஏஎச்தான், அரை ஆம்பியரில் இரண்டரை மணி நேரத்துக்குள் நிறைந்துவிடும். அடாப்டர் பழைய 5V 1A, அதிலிருந்து 9 வோல்ட் வரவே வழியில்லை. தலையணைப் பக்கம் இல்லை, கூடத்து மேஜையில்.

சால்டரிங் அண்ணன் | 15 ஆகஸ்ட், மதியம் 1:00

சரியான இடம். மாதம் ஒருமுறை பின்னைக் கழற்றி, போன் வாயையும் பின்னையும் காய்ந்த டூத் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். கேபிள் தலையைச் சாவிக்கொத்து, ஊக்கு, ஊசிப் பெட்டி பக்கம் போட வேண்டாம். அடாப்டர் சுவிட்ச் போட்டிருக்கும்போது இரும்பு ஏதாவது இரண்டு தொடர்புக்கும் குறுக்கே ஒட்டினால் அங்கேயே ஷார்ட். வேலை முடிந்ததும் சுவிட்சை அணைத்துவிடச் சொல்லுங்கள்.

வைகைக்கரை | 15 ஆகஸ்ட், மாலை 4:35

அம்மாவின் தையல் பெட்டி அதே மேஜையில்தான் இருந்தது, எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டேன். மகனின் ஹெட்செட்டும் அதே கேபிளில் ஏறட்டும் என்று இன்னொரு சின்ன பின் வாங்கப் போனேன். கடையில் இருந்த பின் தலையில் ஒட்டுகிறது, ஆனால் லைட் எரியவில்லை. ஏழு புள்ளியிலும் கம்பெனிக்குக் கம்பெனி வரிசை மாறுமா? ஒட்டியதாலேயே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளலாமா, இல்லை ஏதாவது கெடுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அதுவரை அந்தப் பின்னைச் செருகவில்லை.

சால்டரிங் அண்ணன் | 15 ஆகஸ்ட், இரவு 11:25

மாறும். காந்த பின்னுக்குப் பொது விதி எதுவும் கிடையாது, ஆளாளுக்கு ஒரு வரிசை. வரிசை மாறினால் பிளஸ் போய் டேட்டாவில் உட்காரலாம். கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் கேபிளோடு பெட்டியில் வந்த பின் மட்டும்தான் அந்தத் தலைக்கு.